மோட்டாரைப் பக்குவமாகக் கருக்குவது எப்படி?

வாக்குவம் கிளீனர் மோட்டாரைக் கருக்குவது லேசான காரியம் என்று நினைப்பவர்கள் அதை முயன்று பார்க்காதவர்கள். தோசையைக் கருக்க ஒரு போன் வந்தால் போதும். மோட்டார் அப்படியில்லை. தூசியைப் பிடிக்க ஒரு பை, பைக்குத் தப்பியதைப் பிடிக்க ஒரு ஃபில்டர், எல்லாம் மீறிச் சூடேறினால் தானே அணைந்துகொள்ள ஒரு கட்-அவுட் என்று மூன்று காவல் போட்டுத்தான் அதைக் கடைக்கு அனுப்புகிறார்கள். மூன்றையும் தாண்ட எனக்குப் பதினெட்டு நாள் ஆயிற்று. நான் தடுமாறிய இடங்களில் நீங்கள் தடுமாறாமல் நேர்வழியில் கருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் தூசியைத் தேர்வு செய்ய வேண்டும். அன்றாடம் வீட்டில் சேரும் தூசி இதற்கு உதவாது. முடி, நூல், பிஸ்கட் துணுக்கு இவையெல்லாம் பைக்குள் பஞ்சு மாதிரி உட்கார்ந்து, நடுநடுவே காற்றுக்கு வழி விட்டுவிடும். அந்த முறையில் கருக்க வருஷக்கணக்காகும். அவசரக்காரர்களுக்கு ஏற்றது சுவருக்குப் பட்டி பார்த்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்களே, அப்போது உதிரும் வெள்ளைத் தூள். முகத்துக்குப் போடும் பவுடரைப் போல அவ்வளவு நைசாக இருக்கும். துணிப் பையின் இழைகளுக்கு நடுவே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளில் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். மிச்சம் இருப்பது பையை ஊடுருவி அடுத்த ஃபில்டருக்குப் போகும். சிமென்ட் தூளும் நன்றாக வேலை செய்யும். கோலமாவும் பரவாயில்லை, ஆனால் ஒரு வீட்டில் அவ்வளவு கோலமாவு சிந்தாது.

எங்கள் வீட்டில் பெயின்ட் அடிக்கும் முன்பு இரண்டு அறைக்குப் பட்டி தேய்த்துவிட்டுப் போனார்கள். தரை முழுக்க வெள்ளை. "ஏங்க, ஈரத் துணியால ரெண்டு தடவை துடைச்சா போயிடும்" என்றாள் மனைவி. மூன்று வருஷத்துக்கு முன் வாங்கிய 1,400 வாட் மெஷின் அலமாரியில் இருக்கும்போது ஈரத் துணியா? ஆண்கள் எடுக்கும் முடிவுகளில் சத்தம் வரும் முடிவுகள் தனி ரகம். மெஷினை எடுத்தேன்.

முதல் கால் மணி நேரம் அருமையாகப் போயிற்று. பிறகு ஒரு மாற்றம். தரையில் தூள் அப்படியே இருக்கிறது, ஆனால் மெஷினின் சத்தம் ஏறுகிறது. 'உம்' என்று இருந்தது 'ஈ' என்று ஆகிவிட்டது. இந்த இடத்தில்தான் கற்றுக்குட்டிகள் நிறுத்திவிடுவார்கள். நீங்கள் நிறுத்தக் கூடாது. சத்தம் கூடினால் பவர் கூடுகிறது என்று எண்ணிக்கொண்டு, குழாயை இன்னும் அழுத்திப் பிடித்து மேலே போக வேண்டும். நான் அப்படித்தான் போனேன்.

அந்தச் சத்தத்தின் பொருள் எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. வாக்குவம் கிளீனருக்குள் இருப்பது நம் வீட்டு மிக்ஸியில் இருக்கும் அதே ஜாதி மோட்டார். சுழலும் ஆர்மேச்சர், அதன் நுனியில் தாமிரத் துண்டுகளை வட்டமாக அடுக்கிய கம்யூட்டேட்டர், அதன் மேல் இரு பக்கமும் ஸ்பிரிங் அழுத்தத்தில் உரசிக்கொண்டே மின்சாரத்தை உள்ளே கொடுக்கும் இரண்டு கார்பன் கட்டிகள். இந்த ஜாதிக்கு ஒரு குணம் உண்டு: சுமை குறைந்தால் வேகம் கூடிவிடும். மிக்ஸியில் வெறும் ஜாரை மாட்டிப் போட்டுப் பாருங்கள், வீல் என்று கத்தும். உளுந்து போட்டால் குரல் இறங்கும். வாக்குவம் கிளீனரில் உளுந்துக்குப் பதில் காற்று. நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுற்றும் அந்த மோட்டாரின் நுனியில் ஒரு சிறு ஃபேன் இருக்கிறது. அது காற்றைத் தள்ளுவதுதான் மோட்டாரின் சுமை. பையும் ஃபில்டரும் அடைத்துக்கொண்டால் தள்ளுவதற்குக் காற்றே வராது. சுமை போய்விடும். மோட்டார் வெறும் ஜாரைப் போலக் கத்தும்.

ஆக, அடைத்த மெஷின் கஷ்டப்பட்டுக் கத்தவில்லை. வேலையில்லாமல் கத்துகிறது. கரன்ட்கூடக் குறைவாகத்தான் இழுக்கிறது. வேலை குறைந்து, கரன்டும் குறைந்தால் ஏன் சூடேற வேண்டும் என்று கேட்பீர்கள். மிக்ஸியிலிருந்து இது வேறுபடுவது இந்த இடத்தில்தான். பை வைத்த வீட்டு மெஷின்கள் பெரும்பாலானவற்றில், உறிஞ்சி வடிகட்டிய அதே காற்றுதான் மோட்டாரின் உடம்பு வழியாக ஓடி, அதைக் குளிரவைத்துவிட்டுப் பின்பக்கம் வெளியே போகிறது. தனியாகக் குளிர்விக்கும் ஏற்பாடு இல்லை. மூக்கை அடைத்தால் உடம்பு கொதிக்கும். கரன்ட் கால்வாசி குறைந்தாலும், சூட்டை எடுத்துப்போகும் காற்று முக்கால்வாசிக்கு மேல் நின்றுவிட்டால் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த அடிப்படையில் ஒரு சௌகரியம் உண்டு, கருக்க நினைப்பவருக்கு. மிக்ஸியில் கெட்டியாக அரைத்தால் கரன்ட் ஏறி, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தான் உடனே விழுந்துவிடும். வாக்குவம் கிளீனரில் அடைப்பால் கரன்ட் ஏறாததால், வீட்டு ஃபியூஸோ ட்ரிப்பரோ எதுவும் உங்களுக்குக் குறுக்கே வராது. சூட்டை உணர்ந்து விழும் அந்தக் கட்-அவுட் ஒன்றுதான் எதிரி.

எங்கள் கட்-அவுட் முதல் நாள் நாலு முறை விழுந்தது. மெஷின் நடுவில் நின்றுவிடும். தொட்டால் பின்பக்கம் இஸ்திரிப் பெட்டி மாதிரி இருக்கும். சீலிங் ஃபேனுக்குக் கீழே வைத்து, காபி குடித்துவிட்டு, அரை மணி கழித்துப் போட்டால் ஓடும். "பாத்தியா, சரியாயிடுச்சு" என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். இது முக்கியமான படி. கட்-அவுட் ஆறினதும் தானே சேர்ந்துகொள்கிறதே தவிர, எதையும் சரிசெய்வதில்லை. அது விழுந்த காரணம் அப்படியே பைக்குள் உட்கார்ந்திருக்கிறது. சில மெஷின்களில் ஒரே முறை எரிந்து நிரந்தரமாகத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ் போடுகிறார்கள். அந்த மெஷின்காரர்களால் இத்தனை சீக்கிரம் மோட்டாரைக் கருக்க முடியாது. பாவம்.

பையை நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன், குப்பைத் தொட்டியில் கொட்டினேன், ரெண்டு தட்டுத் தட்டி மாட்டினேன். பை காலி. அதனால் அடைப்பு இல்லை என்று தீர்மானித்தேன். வாசகர்கள் இந்தத் தர்க்கத்தை அப்படியே பின்பற்றலாம், பலன் நிச்சயம். பையின் கொள்ளளவு வேறு, அதன் மூச்சு வேறு. கொட்டினால் கொள்ளளவு திரும்பி வரும். இழைகளுக்குள் ஏறிய பட்டித் தூள் கொட்டினாலும் வராது. 1901-இல் லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் என்ற எஞ்சினியர் ஓர் உணவக நாற்காலியின் மேல் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்து, அதில் படிந்த அழுக்கைக் கண்டுதான் இந்த இயந்திரத்துக்கே பிள்ளையார் சுழி போட்டார் என்று கதை சொல்வார்கள். அவரும் அந்தக் கைக்குட்டையை உதறிவிட்டு உறிஞ்சிக்கொண்டே இருந்திருந்தால் கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டியிருக்கும்.

பைக்குப் பின்னால், மோட்டாரின் வாயில் ஒட்டினாற்போல, உள்ளங்கை அளவு ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டர் இருந்தது. மூன்று வருஷமாக எனக்கு அது தெரியாது. தெரிந்த அன்று எடுத்துக் குழாயடியில் கழுவினேன். வெள்ளையாகப் பால் மாதிரி தண்ணீர் போயிற்று. பிழிந்தேன், உதறினேன், அவசரத்தில் ஈரத்தோடு மாட்டினேன். கழுவாததைவிட இது நல்ல வழி. ஈரமான ஸ்பாஞ்சில் அடுத்து வந்த பட்டித் தூள் களிம்பாக அப்பிக்கொண்டது, போதாததற்கு ஈரக் காற்று நேராக மோட்டாருக்குப் போயிற்று. ஸ்பாஞ்சு ஃபில்டர் நிழலில் ஒரு முழு நாள் காய வேண்டும் என்பது மெஷினோடு வந்த புத்தகத்திலேயே இருந்திருக்கிறது. புத்தகம் பரணில் இருந்தது. மடிப்பு மடிப்பாகக் காகிதம் மாதிரி இருக்கும் ஃபில்டர்களில் பலவற்றைக் கழுவவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். அதையும் கழுவலாம், நம்மை யார் கேட்பது.

இரண்டாம் நாள் வாடை வந்தது. வாடையில் மூன்று ரகம் உண்டு என்பதைக் கருக்குபவர் தெரிந்துகொள்ளாமல் இருப்பது நல்லது, ஏனென்றால் தெரிந்தால் நிறுத்தத் தோன்றும். ஒன்று, ஓடத் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து மெல்ல வரும், காய்ந்த தூசியும் சூடான பிளாஸ்டிக்கும் சேர்ந்த வாடை, பின்பக்கத்துக் காற்று சுடும், அது அடைப்பு. இரண்டு, சுவிட்சைப் போட்டதுமே மூக்கில் குத்தும் உலோக வாடை, மின்பொறி பறக்கும் இடத்தில் வருவது. அது கார்பன் பக்கம். மூன்றாவது, காயிலின் மேல் பூசிய வார்னிஷ் வெந்து, மெஷின் ஆறி மறுநாள் மூடியைத் திறந்தாலும் போகாமல் நிற்கும் காட்டமான வாடை. மூன்றாவது வந்துவிட்டால் வாசகருக்கு வாழ்த்துகள், வேலை முடிந்தது. எனக்கு வந்தது முதல் ரகம். எரிந்த வாடை என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்.

அடுத்த தெருவில் மிக்ஸி, கிரைண்டர் பழுதுபார்க்கும் கடை. பையன் நல்ல வேகம். மோட்டாரைக் கழற்றி, கார்பனைப் பார்த்து, "கார்பன் தேஞ்சு போச்சு சார், அதான் வாடை, அதான் இழுவை இல்ல" என்றான். புது கார்பன் ஜோடி போட்டான். மேஜையில் வைத்து ஓட்டிக் காட்டினான். பிரமாதமாக இழுத்தது. மேஜையில் பையும் இல்லை, ஃபில்டரும் இல்லை, பைப்பும் இல்லை. மூக்கில் துணி கட்டாமல் யாரும் நன்றாகத்தான் மூச்சு விடுவார்கள். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நான் மோட்டாரை மட்டும்தான் காட்டினேன், பட்டித் தூள் கதையைச் சொல்லவில்லை. வெட்கம்.

ஆனால் ஒரு கணக்கை அவனும் போடவில்லை, நானும் போடவில்லை. வாரம் இரண்டு நாள், நாளைக்கு அரை மணி என்று வைத்தால் வருஷத்துக்கு 52 மணி நேரம். மூன்று வருஷத்துக்கு 156. ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பரிலிருந்து அங்கே விற்கும் மெஷின்களின் மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் தாங்க வேண்டும் என்று விதித்தது. அந்த அளவில் செய்த மோட்டாரில் கார்பனும் கிட்டத்தட்ட அத்தனை நேரம் உழைக்க வேண்டும். எங்கள் உபயோகத்துக்கு ஒன்பது பத்து வருஷம். மூன்றே வருஷத்தில் கார்பன் தேய்ந்தது என்றால், கார்பனைத் தேய்த்தது யார் என்றுதான் அடுத்த கேள்வி வந்திருக்க வேண்டும். தேய்ந்த கார்பன் நோயாகவும் இருக்கலாம், வேறொரு நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து, அதே பை, அதே ஃபில்டர் போட்டு ஓட்டினேன். பத்தே நிமிடத்தில் அதே வாடை, கட்-அவுட். "கார்பன் செட் ஆகணும்" என்று நானே காரணம் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டேன். அரைகுறையாகத் தெரிந்த ஒரு தொழில்சொல் கையில் இருந்தால் எத்தனை நாள் வேண்டுமானாலும் ஓட்டலாம்.

பதினெட்டாம் நாள் இரவு. விளக்கு அணைந்த அறையில் மெஷினைப் போட்டபோது, பின்பக்கக் கம்பிவலை வழியாக வெளிச்சம் தெரிந்தது. கார்பனும் கம்யூட்டேட்டரும் உரசும் இடத்தில் ஊசிமுனை அளவு நீலப் பொறி இருப்பது இயல்புதான். மிக்ஸியின் காற்றுத் துளை வழியாக இருட்டில் பார்த்தால் உங்களுக்கும் தெரியும். அதற்காகப் பயப்பட வேண்டாம். நான் பார்த்தது மஞ்சளும் ஆரஞ்சுமாக, கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக ஓடிய நெருப்பு. சங்கு சக்கரம். குழந்தை கை தட்டினாள். மனைவி பிளக்கைப் பிடுங்கினாள். அத்தோடு கருக்கும் பணி நிறைவு பெற்றது.

மறுநாள் போனது வேறு கடை. பெரியவர், மோட்டார் ரீவைண்டிங் செய்பவர். திருப்புளியைத் தொடாமல், "பை, பைப்பு எல்லாம் மாட்டி ரெண்டு செகண்டு போடுங்க சார்" என்றார். போட்டேன். கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"இது கத்துது. கார்பன் மட்டும் போன மெஷின் கத்தாது, முனகும். உள்ள மூச்சு அடைச்சிருக்கு."

"கார்பன் போன வாரம்தான் மாத்தினோம் அண்ணே."

"அதுவும் போயிருக்கும்" என்றார், சாதாரணமாக.

மூடியைத் திறந்தார். ஸ்பாஞ்சின் மேல் பட்டித் தூள் காய்ந்த தோசை மாதிரி ஒரு வட்டமாகக் கழன்று வந்தது. மோட்டாருக்குள்ளும் வெள்ளை. இரண்டு வாரம்கூட முழுசாக ஓடாத புது கார்பனில் பாதிக்கு மேல் காணோம். கம்யூட்டேட்டர் நல்ல நிலையில் இருந்தால் சாக்லேட் நிறத்தில் ஒரே சீராக, வழவழவென்று இருக்கும். எங்களுடையது உரல் மாதிரி குழி விழுந்து, ஓரிடத்தில் இரண்டு தாமிரத் துண்டுகளுக்கு நடுவே கன்னங்கரேலென்று தீய்ந்திருந்தது. அங்கே ஒரு காயில் அறுந்துவிட்டது என்று அர்த்தமாம். அந்த இடம் கார்பனைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் பொறி பறக்கும்; நிமிடத்துக்கு இருபதாயிரம் முறை கடந்தால் கண்ணுக்கு வளையமாகத் தெரியும்.

அவர் சொன்ன வரிசை இது. முதலில் அடைப்பு. அடைப்பால் சூடு. சூட்டில் கார்பனைத் தள்ளும் ஸ்பிரிங் தன் விறைப்பை இழந்தது. கார்பன் உட்காரும் கூட்டில் தூள் ஏறி, கட்டி வழுக்கி இறங்காமல் சிக்கிக்கொண்டது. அழுத்தம் குறைந்ததும் தொடர்பு விட்டு விட்டு வந்தது, பொறி பெரிதாயிற்று. பொறி தாமிரத்தைக் குழி பறித்தது. குழி, அரம் மாதிரி புது கார்பனைத் தின்றது. தின்ற கார்பனின் கரித்தூளும் சேர்ந்து மேலும் பொறி. இதில் நடுவில் புகுந்து கார்பனை மட்டும் மாற்றியது, பள்ளமான ரோட்டில் டயரை மட்டும் மாற்றியது மாதிரி.

கரன்ட் குறைகிறது என்று நான் மேலே எழுதியதை அவர்தான் காட்டினார். ஒயரைப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டரை, வேறொருவர் கொண்டுவந்திருந்த நல்ல மெஷினில் மாட்டினார். ஆறு ஆம்பியருக்குப் பக்கத்தில் நின்றது. பைப்பைக் கழற்றி, உறிஞ்சும் வாயை உள்ளங்கையால் மூடினார். சத்தம் ஏறியது, முள் நாலரைக்கு இறங்கியது. எதிர்மாறாகத்தான் நடக்கும் என்று சத்தியம் செய்திருப்பேன்.

இந்த உள்ளங்கைச் சோதனையை, கருக்கும் ஆசை இல்லாத ஒன்றிரண்டு வாசகர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். பொறி பெரிதாகப் பறக்கும் மெஷினிலும் வார்னிஷ் வெந்த மெஷினிலும் வேண்டாம். அவற்றைப் போடவே கூடாது. மற்றவற்றில், பைப்பை மெஷினிலிருந்து கழற்றி, சில நொடிகள் ஓடவிட்டு, வாயை உள்ளங்கையால் மூடுங்கள். கையை வெடுக்கென்று இழுத்து, மூடும்போது குரல் ஏறி, எடுக்கும்போது இறங்கினால் மெஷின் நலம். அடைப்பு பைப்பில் இருக்கிறது, பெரும்பாலும் வளைவில் ஒரு சாக்ஸ். மூடுவதற்கு முன்பே குரல் உச்சியில் இருந்து, மூடினாலும் மாறாமல், கையையும் சரியாக இழுக்கவில்லை என்றால், உள்ளே ஏற்கெனவே மூடித்தான் கிடக்கிறது: பை அல்லது ஃபில்டர். குரல் இயல்பாக இருந்து, கையும் நன்றாக இழுத்து, பைப் மாட்டியதும் நுனியில் மட்டும் இழுவை இல்லாமல், குரலும் ஏறவில்லையென்றால் பைப்பில் எங்கோ கிழிசல். குரலே தாழ்ந்து, ஏறி இறங்கி, போட்டவுடன் கிளம்பாமல் ஒரு தட்டு தட்டினால் கிளம்பினால், அப்போதுதான் கார்பன். தேய்ந்த கார்பனால் மோட்டாருக்கு முழு மின்சாரம் போவதில்லை, அது மெதுவாகச் சுற்றுகிறது, அதனால் இழுவை குறைகிறது.

இரண்டும் சேர்ந்தே இருந்தால் காது ஏமாறும். அடைப்பு குரலை ஏற்ற, கார்பன் இறக்க, நடுவில் நின்று இயல்பு மாதிரி கேட்கும். அதனால் எப்போதும் பையும் ஃபில்டரும் முதலில், கார்பன் பிறகு.

கார்பன்தான் என்று ஆனால், அதிலும் ஒரு முறை இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்ற வேண்டும். பெரியவர் கணக்கில், பத்து மில்லிமீட்டருக்குக் கீழே போன கட்டியை மாற்றிவிட வேண்டும். ஒன்று தேய்ந்து ஒன்று நன்றாக இருந்தாலும் ஜோடியாக. ஒரு பக்கம் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கையும் கூட்டையும் பார்க்க வேண்டும், கட்டி கூட்டுக்குள் தானாக வழுக்கி இறங்க வேண்டும். கம்யூட்டேட்டர் லேசாகக் கறுத்திருந்தால் மிக நைசான உப்புத்தாளால் துடைக்கலாம். எமரித்தாள் கூடாது, அதன் துகள்கள் தாமிரத் துண்டுகளுக்கு நடுவில் தங்கிச் சுரண்டிக்கொண்டே இருக்கும். புதுக் கட்டியின் முகம் தட்டையாக இருக்கிறது, கம்யூட்டேட்டர் உருண்டை. முகம் குழிந்து பொருந்தும்வரை பொறி வரும். அதற்காக அவர் 200 வாட் குண்டு பல்பு மாட்டிய சீரியல் போர்டில் மோட்டாரைச் சொருகி, கால் மணி நேரம் மெதுவாகச் சுற்றவிடுவார். "கார்பன் செட் ஆகணும்" என்று நான் உளறினேனே, அதன் உண்மையான பொருள் அந்தக் கால் மணி நேரம்தான். அதற்குப் பிறகும் பொறி பெரிதாக இருந்தால் கார்பனைக் குறை சொல்ல முடியாது.

கட்-அவுட் அடிக்கடி விழுகிறது என்று போனால், சில கடைகளில் இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி "டைரக்ட் பண்ணிட்டேன் சார்" என்று கொடுப்பார்கள். பதினெட்டு நாள் பொறுமை இல்லாதவர்களுக்கு அது குறுக்குவழி. மோட்டாரோடு நிற்காமல் திரைச்சீலை, சோபா என்று மேலே போகவும் வாய்ப்பு இருக்கிறது.

தண்ணீரையும் உறிஞ்சும் டிரம் மாதிரியான மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி அவ்வளவாகப் பயன்படாது. அவற்றில் மோட்டாரைக் குளிர்விக்கத் தனி ஃபேனும் தனிக் காற்றுவழியும் வைத்திருப்பார்கள். பை அடைத்தாலும் மோட்டார் அத்தனை சீக்கிரம் வேகாது. கம்பியில்லாமல் பேட்டரியில் ஓடுகிறவற்றில் இப்போது பலவற்றில் கார்பனே கிடையாது. அடைத்தால் விட்டு விட்டு ஓடி நின்றுவிடும், பொறியெல்லாம் பறக்காது. சுவாரஸ்யமில்லாத மெஷின்கள்.

காலிப் பையை வைத்துக் கடைக்காரர்கள் காட்டும் இழுவையை நம்பி வாங்கிவிட்டேனே என்று ஒரு நாள் புலம்பியிருக்கிறேன். எனக்குத் துணையாக ஒரு வழக்கே இருக்கிறது. ஐரோப்பாவில் வாக்குவம் கிளீனர்களுக்கு ஒட்டிய மின்சிக்கன லேபிளை எதிர்த்து ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் கோர்ட்டுக்குப் போனது. சோதனையைக் காலிப் பையோடு செய்கிறீர்களே, வீட்டில் யார் காலிப் பையோடு பெருக்குகிறார்கள் என்பது வாதம். 2018 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டு, அந்த லேபிள் விதியையே ரத்து செய்தது. அடுத்த தெரு மெக்கானிக் பையன் மேஜையில் செய்ததும் அதே சோதனைதான்.

பெரியவர் புது மோட்டாருக்கு விலை சொன்னார். புது மெஷின் விலையில் முக்கால்வாசி வந்தது. ரீவைண்டிங் பண்ணலாம், ஆனால் இந்த வேகத்துக்கு ஆர்மேச்சரைத் துல்லியமாகச் சமன் செய்து தருவது தன் கடையில் முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். பழைய மெஷினை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். பைப்பும் சக்கரமும் யாருக்காவது ஆகும் என்றார். மூன்றாவது அறைக்குப் பட்டி தேய்த்த அன்று, மனைவி இரண்டு தடவை ஈரத் துணியால் துடைத்தாள். இருபது நிமிடம் ஆயிற்று.